பதில்

காலையில் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறி ஆடை படிந்துவிட்டது. செம்பனைக் குலை லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. நான் "சாப்பிட்டாயா?" என்ற அவனுடைய ஒற்றைச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பர்களாக இருப்போம் என்றுதான் பிரிந்தோம். ஆனால் வேறு எந்த நண்பருக்கும் நான் பதிலை மூன்று முறை எழுதி அழிப்பதில்லை.

தினமும் வந்தால் பழகிப்போயிருக்கும். எப்போது வரும் என்று தெரியாத செய்திதான் மனத்தைக் கட்டிப்போடுகிறது. பத்து நாள் அமைதி, பிறகு ஒரு சொல். ஆறியதெல்லாம் மறுபடி பச்சைப் புண்.

"அவனுக்கு வேறொருத்தி அமைந்தால் நிம்மதியாகக் கேட்டுக்கொள்வாயா?" என்றாள் அக்கா. தலைகுனிந்தேன்.

"அன்பு இன்னும் இருக்கிறது. அதனால்தான் கொஞ்ச காலம் பேச வேண்டாம்" என்று எழுதி அனுப்பினேன்.

எண்ணை அழிக்கவில்லை, அறிவிப்பை மட்டும் நிறுத்தினேன். சிறிய ஊர். வெள்ளிக்கிழமை கோயிலில் எதிரே வருவான்.