இரண்டு வட்டி விகிதங்களில் எது இறங்கி வருகிறது? கோஇன்டெக்ரேஷன் கேள்விக்குத் தயாரான அனுபவம்

எம்.ஏ. எகனாமெட்ரிக்ஸ் தேர்வில் கோஇன்டெக்ரேஷன் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். இரண்டு வட்டி விகிதங்களுக்கான கம்ப்யூட்டர் அவுட்புட்டைக் கொடுத்து, இவை நீண்ட காலத்தில் சேர்ந்து நகர்கின்றனவா என்று முதலில் கேட்பார்கள். அப்புறம் எரர் கரெக்‌ஷன் மாடலைக் கொடுத்து விளக்கச் சொல்வார்கள். முதல் பாதியை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். இரண்டாம் பாதிக்கு "குணகம் எதிர்மறையாக இருக்கிறது, ஆகவே சமநிலைக்குத் திரும்புகிறது" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். உண்மையான விஷயம் இருப்பது அந்த இரண்டாம் பாதியில்தான். இடைவெளி விரிந்தால் எந்த விகிதம் நகர்ந்து அதைச் சரிசெய்கிறது என்பதைத்தான் அங்கே படித்துச் சொல்ல வேண்டும்.

நான் தேர்வுக்கும், பிறகு புராஜெக்ட்டுக்கும் எடுத்துக்கொண்டது அமெரிக்க அரசின் இரண்டு விகிதங்கள்: மூன்று மாத டி-பில், பத்து ஆண்டுப் பத்திரம். இரண்டும் FRED தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதத் தொடர்கள். பெயர்கள் TB3MS, GS10. பத்து ஆண்டுத் தொடர் 1953 ஏப்ரலில் தொடங்குகிறது என்பதால் நீளத்துக்குக் குறைவில்லை.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே அலைந்து திரியும் தொடர்கள். 1981-இல் இரண்டும் 15 சதவீதத்தைத் தாண்டின. 2010-களில் குறுகிய விகிதம் பல ஆண்டுகள் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. ஒரு சராசரியைச் சுற்றி வருகின்றன என்று சொல்ல வழியில்லை. யூனிட் ரூட் சோதனையும் பொதுவாக அதை மறுக்காது. வட்டி விகிதம் எல்லையில்லாமல் ஏறிக்கொண்டே போகாதே, பிறகு எப்படி அதற்கு யூனிட் ரூட் இருக்கும் என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். நம் கையில் இருக்கும் காலத்துக்குள் அதன் நடத்தை யூனிட் ரூட்டுக்கு மிக அருகில் இருக்கிறது, அந்த அளவுக்குத்தான் நாம் சொல்கிறோம். விடைத்தாளில் இதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

இனி சோதனை. இரண்டு வழிகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்துவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. முதல் வழி, எங்கிள்-கிரேஞ்சர். நீண்ட விகிதத்தைக் குறுகிய விகிதத்தின் மீது ரிக்ரஷன் போட்டு, வரும் ரெசிட்யூவலில் யூனிட் ரூட் இருக்கிறதா என்று பார்ப்பது. ரிக்ரஷன் தன் வேலையாகவே ரெசிட்யூவலை முடிந்த அளவு சிறிதாக்கித் தருகிறது. அதனால் அது இயல்பாகவே கொஞ்சம் நிலையானது போலத் தெரியும். அதற்கு ஈடாக வரம்பைக் கடுமையாக்க வேண்டும். இரண்டு மாறிகள், ஒரு மாறிலி என்றால் 5 சதவீத வரம்பு சுமார் -3.34. சாதாரண டிக்கி-ஃபுல்லர் வரம்பான -2.86 இங்கே செல்லாது. அவுட்புட்டில் -3.05 என்று கொடுத்திருந்தால், அது மாணவர் எந்த அட்டவணையை எடுக்கிறார் என்று பார்க்கத்தான்.

இரண்டாம் வழியில் குணகத்தை மதிப்பிடுவதே இல்லை. நீண்ட கால விகிதம் என்பது வரப்போகும் குறுகிய கால விகிதங்களின் எதிர்பார்ப்புச் சராசரி, அதோடு ஒரு நிலையான கூடுதல் என்று கோட்பாடு சொல்கிறது. அப்படியென்றால் குணகம் 1. இரண்டுக்கும் இடையிலுள்ள ஸ்ப்ரெட்டை நேரடியாகக் கழித்து எடுத்து அதையே சோதிக்கலாம். இங்கே எதையும் மதிப்பிடவில்லை என்பதால் -2.86 தான் சரியான வரம்பு. வட்டி விகிதங்களுக்கு இந்த வழியையே நான் நம்புகிறேன். முதல் வழியில் எதை இடப்பக்கம் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும், ஸ்ப்ரெட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

```python
import pandas as pd
from statsmodels.tsa.stattools import adfuller, coint

d = pd.read_csv("rates.csv", index_col=0, parse_dates=True)
print(coint(d["GS10"], d["TB3MS"]))
print(adfuller(d["GS10"] - d["TB3MS"]))
```

`coint` தனக்குரிய கடுமையான வரம்புகளையும், `adfuller` சாதாரண வரம்புகளையும் தாமாகவே அச்சிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் மறக்காது.

குணகம் 1 என்று வைப்பதற்கு முன் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். TB3MS டிஸ்கவுண்ட் முறையில் சொல்லப்படும் விகிதம்: முகமதிப்பின் மீது, 360 நாள் கணக்கில். GS10 அப்படியல்ல. 91 நாள் பில்லுக்கு 5 சதவீத டிஸ்கவுண்ட் என்றால், போட்ட பணத்தின் மீது 365 நாள் கணக்கில் வரும் வருமானம் சுமார் 5.13 சதவீதம். அதே டிஸ்கவுண்ட் 15 ஆனால் வருமானம் சுமார் 15.81. விகிதம் ஏற ஏற வித்தியாசமும் பெருகுகிறது. ஆகவே 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளைச் சேர்த்து மதிப்பிட்டால் குணகம் 1-லிருந்து விலகுவதில் ஒரு பங்கு இந்த அளவுமுறைக்கும் உண்டு. புராஜெக்ட்டில் முதலில் TB3MS-ஐ வருமான விகிதமாக மாற்றிவிட்டு, பிறகு கழிப்பதுதான் முறை.

சரி, இரண்டாம் பாதிக்கு வருவோம். L நீண்ட விகிதம், S குறுகிய விகிதம், c ஸ்ப்ரெட்டின் நீண்ட காலச் சராசரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
ΔL(t) = a1·[L(t-1) − S(t-1) − c] + பழைய ΔL, ΔS + e1
ΔS(t) = a2·[L(t-1) − S(t-1) − c] + பழைய ΔL, ΔS + e2
```

சதுர அடைப்புக்குள் இருப்பது போன மாதத்து விலகல். ஸ்ப்ரெட் அளவுக்கு மீறி விரிந்திருந்தால் அது நேர்மறை. அப்போது இடைவெளி குறைய L இறங்க வேண்டும், அல்லது S ஏற வேண்டும். எனவே a1 எதிர்மறையாகவோ a2 நேர்மறையாகவோ இருக்க வேண்டும். "எரர் கரெக்‌ஷன் குணகம் எப்போதும் எதிர்மறை" என்று மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாவது சமன்பாட்டில் +0.06 என்று பார்த்ததும் மாடலே தவறு என்று எழுதிவிடுவார்கள். அது தவறில்லை. S ஏறித்தான் இடைவெளியை மூட முடியும்.

கையால் ஒரு கணக்கு போட்டால் இது தெளிவாகிவிடும். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. c = 1.5, a1 = −0.02, a2 = 0.06. பழைய மாற்றங்களையும் புதிய அதிர்ச்சிகளையும் விட்டுவிடுவோம். தொடக்கத்தில் L = 6, S = 3. ஸ்ப்ரெட் 3, விலகல் 1.5. அடுத்த மாதம் L 0.03 இறங்கி 5.97 ஆகிறது, S 0.09 ஏறி 3.09 ஆகிறது. ஸ்ப்ரெட் 2.88, விலகல் 1.38. அதாவது பழைய விலகலில் 92 சதவீதம் மிச்சம். ஒவ்வொரு மாதமும் 1 + a1 − a2 = 0.92 என்ற அதே விகிதத்தில் சுருங்கும். பாதியாகக் குறைய ln 0.5 / ln 0.92, சுமார் எட்டு மாதம். "சரிசெய்யும் வேகம் என்ன" என்று கேட்டால் இந்த எட்டு மாதம்தான் விடை. ஒரு சமன்பாட்டின் 0.06-ஐ மட்டும் எடுத்து வேகம் சொன்னால் பாதி விடைதான்.

கடைசியில் இரண்டும் எங்கே போய் நிற்கும்? மொத்த விலகல் 1.5. அதில் நான்கில் மூன்று பங்கை S தாங்குகிறது, ஒரு பங்கை L. எனவே S 4.125-இலும் L 5.625-இலும் நிற்கும். கழித்தால் 1.5, சரியாக இருக்கிறது. நீண்ட காலச் சமன்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. அது இடைவெளி 1.5 என்று மட்டும் சொல்லும். இரண்டும் 4-க்கு அருகில் நிற்குமா, 6-க்கு அருகிலா என்று சொல்லாது. அதைச் சொல்வது a1, a2 மட்டும்தான். a1 பூஜ்யமாகவே இருந்தால் L அசையாது, S முழுத் தூரமும் ஏறி வரும். அந்த நிலையில் L-ஐ weakly exogenous என்பார்கள்.

இதை நிஜத்தில் பார்க்க 2004 முதல் 2006 வரையிலான காலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஃபெடரல் ரிசர்வ் 2004 ஜூன் இறுதியில் தொடங்கி, தொடர்ந்து 17 முறை கால் கால் புள்ளியாக உயர்த்தி, தன் விகிதத்தை 1-இலிருந்து 5.25 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. பத்து ஆண்டு விகிதமோ 2004 ஜூனில் சுமார் 4.7 ஆக இருந்து, ஒரு வருடம் கழித்து சுமார் 4.0 ஆகக் குறைந்திருந்தது. 2005 பிப்ரவரியில் அப்போதைய தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் இதைப் புதிர் என்றே அமெரிக்க நாடாளுமன்றத்தில் சொன்னார். எரர் கரெக்‌ஷன் கண்ணோடு பார்த்தால் புதிரின் ஒரு பகுதி விலகுகிறது. 2004 நடுவில் டி-பில் சுமார் 1.3, ஸ்ப்ரெட் சுமார் 3.4. வழக்கமான அளவைவிட மிக அகலம். S ஏறி இடைவெளியை மூடும், L பெரிதாக அசையாது என்று எதிர்பார்க்க வேண்டிய நேரம் அது. அதுதான் நடந்தது. ஆனால் மாடல் இதற்கு மேல் உதவாது. 2006 நடுவில் ஸ்ப்ரெட் சுமார் 0.3-க்குச் சுருங்கிவிட்டது. விலகல் குறைந்து சராசரிக்கு வருவதை மாடல் விளக்கும். சராசரியையும் தாண்டிக் கீழே போனதற்குக் காரணம் வேறு இடத்தில் தேட வேண்டும்.

a1, a2-வின் முக்கியத்துவத்தைச் சோதிக்க மறுபடி அந்தச் சிறப்பு அட்டவணையைத் தேட வேண்டாம். கோஇன்டெக்ரேஷன் உறுதியான பிறகு அடைப்புக்குள் இருப்பது நிலையான தொடர், மற்ற உறுப்புகளும் நிலையானவை. எனவே வழக்கமான 1.96 போதும். இரண்டு t மதிப்புகளுமே 1.96-க்குள் இருந்தால் நின்று யோசியுங்கள். கோஇன்டெக்ரேஷன் இருந்தால் a1, a2 இரண்டும் ஒருசேரப் பூஜ்யமாக இருக்க முடியாது என்பது கிரேஞ்சரின் தேற்றம். அப்படியானால் முதல் பாதியில் வந்த "ஆம்" சந்தேகத்துக்குரியது, அல்லது தொடரின் நடுவே ஏதோ உடைந்திருக்கிறது.

உடையக்கூடிய இடங்களில் முக்கியமானது 2008 டிசம்பர் முதல் 2015 டிசம்பர் வரை. ஃபெட் தன் விகிதத்தை 0–0.25 என்றே வைத்திருந்த காலம் அது. ஸ்ப்ரெட் எவ்வளவு விரிந்தாலும் S ஏற இடமில்லை, இறங்கவும் இடமில்லை. a2 அந்த ஏழு ஆண்டுகளில் வேலை செய்யவே முடியாது, இடைவெளி மாறினால் அது L மாறியதால்தான். இந்த ஆண்டுகளையும் சேர்த்து ஒரே மாடல் போட்டால் a2 சிறிதாகி, a1 பெரிதாகத் தெரிய வாய்ப்புண்டு. அதைச் சந்தையின் நிரந்தர இயல்பு என்று எழுதிவிடக் கூடாது. 2007 வரை ஒரு முறை, முழுக் காலத்துக்கு ஒரு முறை என்று மதிப்பிட்டு, இரண்டு ஜோடி a1, a2-வையும் ஒரே அட்டவணையில் வைத்து எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்படுவதும் அந்த வித்தியாசமாகத்தான் இருக்கும்.