லாபி பாட்டு, எமோட், ஆடி மாதம்: என் மொபைல் கேம் லைவில் வந்த கிளைம்கள்

முதல் லைவ் ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் ஓடியது. பார்த்தவர்கள் பதினோரு பேர், அதில் இரண்டு பேர் என் சித்தப்பா மகன்கள். மறுநாள் காலையில் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்தால் அந்த வீடியோவுக்கு நேராக Copyright என்று போட்டிருந்தது. அடி வயிறு கலங்கிவிட்டது. சேனல் போச்சு என்றே நினைத்தேன்.

உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் அது ஸ்ட்ரைக் இல்லை, கிளைம் என்று புரிந்தது. ஸ்ட்ரைக் என்றால் உரிமையாளர் வீடியோவை நீக்கச் சொல்லிச் சட்டப்படி கேட்டிருக்கிறார் என்று பொருள், அது சேனலின் மேல் விழும். கிளைம் என்பது கன்டென்ட் ஐடி என்ற இயந்திரம் நம் வீடியோவின் ஒலியைத் தன்னிடம் பதிந்திருக்கும் பாட்டுகளோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது. அது அந்த ஒரு வீடியோவை மட்டும்தான் பாதிக்கும். விளம்பரம் போட்டு அந்தக் காசை எடுத்துக்கொள்வதா, வீடியோவைத் தடுப்பதா, சும்மா கணக்குப் பார்த்துக்கொள்வதா என்று பாட்டின் உரிமையாளர் முடிவு செய்வார். லைவ் ஓடும்போதே பிடிபட்டால் படத்துக்குப் பதிலாக வெற்றுப் படம் ஒன்று வந்து நிற்கவும் வாய்ப்பு உண்டு. எனக்கு லைவில் ஒன்றும் ஆகவில்லை. முடிந்து வீடியோவாகச் சேமித்த பிறகு பிடித்திருக்கிறது.

பிடித்தது இரண்டு இடங்களில். ஒன்று, நான் விளையாடும் பேட்டில் ராயல் கேமில் மேட்ச் தொடங்கும் வரை காத்திருக்கும் திரையான லாபியில் ஓடும் பாட்டு. கேம் கம்பெனி அந்தப் பாட்டை வாங்கித்தானே போட்டிருக்கிறது, நமக்கென்ன என்று இருந்தேன். அவர்கள் வாங்கியது கேமுக்குள் ஒலிக்க வைக்கும் உரிமை. நான் அதை ஊருக்கு ஒளிபரப்பும் உரிமை அதில் வராது. ஃபோர்ட்நைட்டில் உரிமம் பெற்ற பாட்டுகளை மட்டும் அணைக்கத் தனி அமைப்பே இருக்கிறது. என் கேமில் அப்படி ஒன்றும் இல்லை.

இரண்டாவதுதான் சிரிப்பு. யாராவது சப்ஸ்கிரைப் செய்தால், லைவ் படத்தின் மேல் நாம் அடுக்கும் ஓவர்லேயில் ஒரு அலர்ட் பெட்டி குதித்து வருமே, அதற்கு ஒரு மாஸ் சினிமா பிஜிஎம்மில் ஆறு நொடி வெட்டி வைத்திருந்தேன். பத்து நொடிக்குள் இருந்தால் பிடிக்காது என்று நண்பன் சொன்னதை நம்பினேன். அப்படி ஒரு விதியே கிடையாது.

சரி, லாபி பாட்டை அணைத்தால் போதும் என்று கேம் செட்டிங்கில் மியூசிக்கைப் பூஜ்யத்துக்கு இழுத்தேன். அலர்ட் ஒலியை ஒரு சாதாரண மணிச் சத்தமாக மாற்றினேன். அடுத்த லைவிலும் கிளைம். இந்த முறை விமானம் ஏறுவதற்கு முன், எல்லோரும் ஒரு தீவில் நின்று ஆடிக்கொண்டிருப்பார்களே, அங்கே. யாரோ ஒருவன் போட்ட எமோட் நடனத்தின் பாட்டு. எமோட்டின் பாட்டு மியூசிக் ஸ்லைடரில் அடங்கவில்லை, எஃபெக்ட்ஸ் ஸ்லைடரில் இருந்தது. எஃபெக்ட்ஸைக் குறைத்தால் காலடிச் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் போய்விடும், அப்புறம் எதைக் கேட்டு விளையாடுவது?

அப்போதுதான் போனிலிருந்தே ஆப் வழியாக லைவ் போடுவதை விட்டேன். அந்த ஆப்பில் கேம் ஒலி மொத்தமாக ஒரே கயிறு, வேண்டும் அல்லது வேண்டாம் என்பது தவிர வேறு வழி இல்லை. இன்னொரு தொல்லையும் இருந்தது. டீமோடு பேச கேமில் மைக்கைத் திறந்தால் லைவில் என் குரல் காணாமல் போகும். இரண்டு ஆப்கள் ஒரே நேரத்தில் மைக்கைக் கேட்டால் ஆண்ட்ராய்டு பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் குரலைக் கொடுக்கும், மற்றதற்கு வெறும் அமைதி. பார்ப்பவர்கள் "அண்ணா, வாய்ஸ் வரல" என்று சாட்டில் போட்ட பிறகுதான் தெரியும்.

வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பில், படத்தையும் ஒலியையும் கலந்து லைவாக அனுப்பும் ஓபிஎஸ் என்ற நிரலைப் போட்டேன். போனின் திரையை லேப்டாப்புக்குக் கொண்டுவர scrcpy என்ற இலவச நிரல். போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்து யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளைச் செருகி, லேப்டாப்பின் கமாண்ட் ஜன்னலில் இதை அடித்தால் வேலை முடிந்தது:

```
scrcpy --audio-source=playback --audio-dup --max-size=1920 --window-title=game
```

நடுவில் இருக்கும் ஒலி அமைப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் scrcpy போனின் மொத்த ஒலியையும் லேப்டாப்புக்கு இழுத்துவிடும், போன் ஊமையாகிவிடும். லேப்டாப்பில் கேட்டு விளையாடினால் காலடிச் சத்தம் ஒரு இம்மி தாமதமாக வரும், அந்த இம்மியில் சுட்டுவிடுவார்கள். மேலே இருப்பது போல் கொடுத்தால் போனிலும் ஒலிக்கும், லேப்டாப்புக்கும் ஒரு நகல் போகும். இதற்கு ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேல் வேண்டும். நான் இயர்போனைப் போனில் செருகிக் கேட்கிறேன். லேப்டாப் ஸ்பீக்கர் கத்தாமல் இருக்க அதில் ஒரு கிழிந்த ஹெட்போனைச் செருகி மேஜைக்கு அடியில் போட்டிருக்கிறேன். இயர்போன் மைக் டீமுக்கு, லேப்டாப்பில் செருகிய காலர் மைக் லைவுக்கு. மைக் சண்டை அதோடு தீர்ந்தது.

ஓபிஎஸ்ஸில் முதல் வேலையாக Settings போய், Audio பகுதியில் Desktop Audio எல்லாவற்றையும் Disabled ஆக்கினேன். இல்லையென்றால் லேப்டாப்பில் எந்த மூலையில் எது ஒலித்தாலும் லைவில் ஏறிவிடும். கேம் ஒலிக்கு Application Audio Capture என்ற சோர்ஸைச் சேர்த்து scrcpy ஜன்னலை மட்டும் காட்டினேன்.

அடுத்தது சீன் பிரிப்பது. எமோட் பிரச்சினையைத் தீர்த்தது இதுதான். 'லாபி' என்று ஒரு சீன், 'மேட்ச்' என்று ஒரு சீன். இரண்டிலும் போன் படம் உண்டு, ஓவர்லே உண்டு. கேம் ஒலி மேட்ச் சீனில் மட்டும். லாபி சீனில் அதற்குப் பதில் நான் தனியாகப் போடும் பாட்டு ஓடும். F9 லாபி, F10 மேட்ச். விமானத்திலிருந்து குதித்த பிறகுதான் F10. செத்தாலும் ஜெயித்தாலும் முடிவுத் திரை வரும்போது F9, ஏனென்றால் வெற்றித் திரையிலும் ஒரு இசை இருக்கிறது. முதல் வாரம் F10 அடிக்க மறந்து, பாதி மேட்ச் வீணை இசையோடு சுட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கை பழகிவிட்டது.

லாபி சீனில் போடும் பாட்டுகளை யூடியூப் ஸ்டுடியோவின் ஆடியோ லைப்ரரியிலிருந்து நேராக இறக்கினேன். அங்கேயே பெயர் குறிப்பிடத் தேவையில்லாதவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். தேடினால் 'நோ காப்பிரைட்' என்று தலைப்புப் போட்ட வீடியோக்கள் கொட்டிக் கிடக்கும், அவற்றை நான் தொடுவதில்லை. தலைப்பு போட்டவருக்கும் பாட்டின் உரிமைக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஓவர்லேயில் எனக்கு ஒரு அதிர்ஷ்டம். என் போன் திரை 2400×1080, அதாவது யூடியூப் சட்டத்தைவிட நீளமானது. 1920×1080 கேன்வாஸில் அகலத்துக்குப் பொருத்தினால் படம் 1920×864 ஆகிறது, 216 பிக்சல் உயரத்துக்குக் கறுப்புப் பட்டை மிஞ்சுகிறது. போன் படத்தை மேலே ஒட்டவைத்து, அந்தப் பட்டை முழுவதையும் கீழே இறக்கி, சாட், அலர்ட், சேனல் பெயர் எல்லாவற்றையும் அங்கே வைத்தேன். மினி மேப்பும் தோட்டா எண்ணிக்கையும் மறையவே இல்லை. கேம் படத்தின் மேல் நான் வைத்த ஒரே பொருள், என் பிளேயர் ஐடியை மறைக்கும் ஒரு சின்னக் கட்டம். அலர்ட் பெட்டி ஒரு Browser சோர்ஸ். அதில் Control audio via OBS என்பதை டிக் செய்தால் அதன் ஒலியும் மிக்ஸரில் தனிக் கோடாக வரும், எது கத்துகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் நேராக லைவுக்குப் போகவில்லை. பத்து நிமிடம் ரெக்கார்டு செய்தேன். மேட்ச் சீனிலேயே வைத்துக்கொண்டு, கேமில் எங்கெல்லாம் ஒலி வருமோ அங்கெல்லாம் போனேன்: லாபி, கடை, தீவு, விமானம், கார் ஓட்டுவது, எமோட், முடிவுத் திரை. அதை யூடியூபில் பிரைவேட்டாக ஏற்றினால் Checks என்ற படியில் காப்புரிமை சோதனை நடக்கும், எந்த நிமிடத்தில் எந்தப் பாட்டு என்று காட்டும். எமோட்டோடு இன்னொன்றும் சிக்கியது. காரில் ஏறினால் ஓடும் பாட்டு. நல்ல வேளை, அதற்குக் காருக்குள்ளேயே அணைக்கும் பொத்தான் இருந்தது. கேமுக்குப் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் இதை மறுபடி செய்கிறேன். ஒரு முறை அப்டேட்டுக்குப் பிறகு மியூசிக் ஸ்லைடர் தானாகவே பழைய அளவுக்குப் போயிருந்தது.

அதன் பிறகு ஏழெட்டு லைவ் சுத்தமாகப் போயின. ஆடி மாதம் வந்தது. எங்கள் தெருமுனை மாரியம்மன் கோவிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள், என் ஜன்னலைப் பார்த்து ஒன்று. காலையில் ஸ்டுடியோவைத் திறந்தால் ஒரு அம்மன் பாட்டுக்குக் கிளைம், நான்கு நிமிடம் இருபது நொடி. கேமிலும் இல்லை, ஓவர்லேயிலும் இல்லை, காலர் மைக் வழியாக நுழைந்திருக்கிறது. மைக் சோர்ஸில் Noise Gate போட்டேன். நான் பேசாதபோது அது மைக்கை மூடிவிடும், பேசும்போது பாட்டும் சேர்ந்தே உள்ளே வரும். ஜன்னலைச் சாத்தி, மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் வைத்து, அதன் அளவைக் குறைத்தபோது ஓரளவு அடங்கியது.

அந்த கிளைமை எதிர்த்து முறையிடவில்லை. பாட்டு அவர்களுடையதுதானே. முறையிட்டால் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் நேரம் உண்டு, கடைசியில் நான்தான் தோற்பேன். ஸ்டுடியோவில் Erase song என்று ஒரு வழி இருக்கிறது, பாட்டை மட்டும் உருவி எடுத்துக் குரலை விட்டுவைக்க முயலும். அதைக் கொடுத்தேன். பாட்டு போனது, கிளைமும் போனது. அந்த நான்கு நிமிடமும் நான் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது போல் இருக்கிறது. கோவில் கொடை முடியும் வரை இரவு பதினொன்றுக்கு மேல்தான் லைவ் போட்டேன்.