டிப்ஸ்டிக்கில் ஆயில் நிறைய, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு

என்னுடையது 1996 மாடல் கார்ப்புரேட்டர் கார். போன மாதம் மார்த்தாண்டத்தில் இருந்து திரும்பும்போது, வடசேரி நெரிசலில் வண்டி நின்ற இடத்தில் ஆயில் விளக்கு லேசாக மினுங்கியது. ஆக்சிலேட்டரை ஒரு சொட்டு மிதித்தால் அணைந்துவிடும், விட்டால் மறுபடி மினுங்கும். எஞ்சினை அணைத்து ஓரமாகத் தள்ளினேன். பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே நின்றது.

பக்கத்து வொர்க்‌ஷாப் அண்ணாச்சியிடம் சொன்னேன். "ஆயிலு இருக்குல்லா மக்கா, சுவிட்சுதான் போயிருக்கும், மாத்திப் போடு" என்றார். மாற்றினேன். இரண்டு நாள் கழித்து அதே இடம், அதே மினுக்கம்.

அந்த விளக்கு ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. பிளாக்கில் திருகியிருக்கும் சுவிட்ச், ஆயில் வழியில் அழுத்தம் சுமார் 5 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் விளக்கை எரிய வைக்கும், அவ்வளவுதான். அளவு குறைந்து விளக்கு எரிவது வேறு மாதிரி இருக்கும். மச்சான் வண்டியில் அதைப் பார்த்திருக்கிறேன். பேச்சிப்பாறை போகும் வழியில் வளைவு திரும்பும்போதும் பிரேக் அழுத்தும்போதும் மட்டும் எரிந்தது. நேர் ரோட்டில் ஒன்றும் இல்லை. ஆயில் ஒரு பக்கமாகச் சாய, உறிஞ்சும் குழாய் காற்றை இழுத்திருக்கிறது. அதாவது அந்த விளக்கு எரியும் முன்பே அளவு ஆபத்தான இடத்துக்குப் போய்விட்டது.

என் வண்டியில் வளைவில் எரியவில்லை. சூடாகி ஐடிலில் நிற்கும்போது மட்டும்தான். அப்போது ஆயில் பம்ப் மெதுவாகச் சுற்றும், ஆயிலும் இளகியிருக்கும். பேரிங் தேய்ந்திருந்தாலோ ஆயில் நீர்த்துப் போனாலோ அழுத்தம் முதலில் விழுவது அங்கேதான். எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இருக்கும் சல்லடை அடைத்திருந்தால் பெரும்பாலும் வேகம் கூட்டும்போதுதான் அழுத்தம் குறையும்.

சரி, ஊகம் போதும் என்று சுவிட்ச் இருந்த துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டினேன். அந்த மரை கூம்பு வடிவம், வெறிகொண்டு இறுக்கினால் பிளாக் விரிசல் விடும். கசியாத அளவுக்கு இறுக்கினால் போதும். குளிர்ந்த எஞ்சினில் ஐடிலில் 38 பிஎஸ்ஐ காட்டியது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் 5-இல் முள் ஆடியது. 2000 ஆர்பிஎம்மில் 22. விளக்கு பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் உறைத்தது: ஆயில் ஏன் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது? நான் ஊற்றியது மேல் கோடு வரைதான். எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் குடிக்கும், பெருக்காது. டிப்ஸ்டிக்கை மூக்கருகில் கொண்டுபோனேன். பெட்ரோல் வாடை! விரல்களுக்கு நடுவே தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை, மண்ணெண்ணெய் தொட்ட மாதிரி வழுக்கியது.

பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தேன். பழைய மெக்கானிக்கல் பம்ப், எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும். உள்ளே ரப்பர் டயாஃப்ரம் நகக்கண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. இப்படிக் கிழிந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகிக் காட்டிக் கொடுக்கத்தான் பம்ப்பின் பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கிறது. என் பம்ப்பில் அது அழுக்கால் அடைபட்டிருந்தது. அதனால் பெட்ரோல் கமுக்கமாக எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. (இதைச் செய்யும்போது பீடி, தீப்பெட்டி எதுவும் பக்கத்தில் வேண்டாம். சம்ப்பில் இருப்பது ஆயில் மட்டும் இல்லை, பெட்ரோலும்தான்.)

ஆயிலை வடித்தால் 3.5 லிட்டர் வந்தது. நான் ஊற்றியது 3 லிட்டர். புது பம்ப், புது ஃபில்டர், மேனுவலில் சொன்ன அதே கிரேடு ஆயில். தடித்த ஆயில் ஊற்றினால் அழுத்தம் ஏறும் என்று ஒருவர் சொன்னார். ஏறத்தான் செய்யும், ஆனால் பெட்ரோல் மட்டும் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்திருக்கும்.

சூடாக்கிப் பார்த்தேன்: ஐடிலில் 14, 2000 ஆர்பிஎம்மில் 37. பழைய எஞ்சினுக்கு இது போதும். நீர்த்த ஆயிலோடு எத்தனை நாள் ஓட்டினேனோ, பேரிங் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். அதற்காகவே கேஜை இன்னும் கழற்றவில்லை.

அப்புறம் மூன்று வாரம் கழித்து நேற்று டிப்ஸ்டிக்கை இழுத்தேன். மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே. ஆயில் குறைந்ததற்கு நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.