சீஸ்கேக்: நான்கு ஞாயிறு, ஒரு தெர்மாமீட்டர்

ஒரு மாதமாக ஞாயிறுதோறும் ஒரே சீஸ்கேக்கைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஜெலட்டினோ கடற்பாசியோ போட்டு ஃப்ரிட்ஜில் உறையவைக்கும் வகை இல்லை. நியூயார்க் சீஸ்கேக் என்பார்களே, ஓவனில் வேகவைப்பது, அது. இதில் கலவையைக் கெட்டியாக்குவது முட்டைதான். மேலே வெடிக்கக் கூடாது, வாயில் ரப்பர் மாதிரி இழுபடக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து அமைய எனக்கு நான்கு வாரம் ஆனது.

நான்கு முறையும் அளவு ஒன்றுதான். 7 அங்குல ஸ்பிரிங்ஃபார்ம் டின்னுக்குக் கிரீம் சீஸ் 500 கிராம், சர்க்கரை 130 கிராம், துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர் 120 கிராம், முட்டை 3, கார்ன்ஃப்ளோர் ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, வெனிலா. அடியில் பிஸ்கட் தூளும் உருக்கிய வெண்ணெயும். முட்டை ஓடோடு 55 கிராம் அளவில் இருந்தது. நாட்டு முட்டை சிறியது என்பதால் அதில் 4 வேண்டியிருக்கும்.

முதல் வாரம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு எலக்ட்ரிக் பீட்டரால் நன்றாக அடித்து, 170 டிகிரியில் 50 நிமிடம் வைத்தேன். ஓரம் உப்பி, மேலே பொன்னிறமாகி, எடுக்கும்போது அழகாகவே இருந்தது. அப்போது ஒரு கீறல்கூட இல்லை. சமையல் மேடையில் வைத்து இருபது நிமிடம் ஆனபோது நடுப்பகுதி மெல்ல இறங்கத் தொடங்கியது. கண்முன்னே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை விரல் நுழையும் அளவுக்குப் பிளந்தது. வெட்டினால் ஓரத்துண்டு கரண்டிக்கு அமுங்காமல் துள்ளியது, உள்ளே பொடிப்பொடியாகத் துளைகள் இருந்தன. மறுநாள் தட்டில் தண்ணீர் கசிந்து நின்றது.

அந்தத் துளைகளையும் தண்ணீரையும் நான் ஏற்கெனவே வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். ஊரில் மாடு கன்று போட்டால் சீம்பாலை ஆவியில் வேகவைப்பார்கள். அளவாக வெந்தால் வெண்ணெய் போல வழுக்கும். கொஞ்சம் அதிகமானாலும் பஞ்சு மாதிரித் துளை விழுந்து, தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடும். முட்டையும் அப்படித்தான். சூடு ஏறும்போது அதன் புரதம் சுருள் பிரிந்து ஒன்றோடொன்று கோத்து வலை மாதிரி ஆகிறது, கலவையிலுள்ள ஈரம் அந்த வலைக்குள் நிற்கிறது. சூடு இன்னும் ஏறினால் வலை இறுகி ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. ரப்பர் பதம் என்று நாம் சொல்வது இப்படி இறுகிய வலையைத்தான்.

விரிசலுக்கும் இதே சூடுதான் காரணம். டின்னை ஒட்டிய ஓரம் முதலில் வெந்து, இறுகி, டின்னோடு ஒட்டிக்கொள்கிறது. நடுப்பகுதி தாமதமாக உப்புகிறது, ஆறும்போது சுருங்குகிறது. ஒட்டிய ஓரம் விட்டுக்கொடுக்காது. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த துணி மாதிரி நடுவில் கிழிகிறது. ஓவனுக்குள் ஒன்றும் தெரியாமல், ஆறும்போது வெடித்தது அதனால்தான்.

இரண்டாவது வாரம் கலக்கும் விதத்தை மட்டும் மாற்றினேன், சூடு அதே 170. கிரீம் சீஸை இரண்டு மணி நேரம் வெளியே வைத்து, சர்க்கரையும் கார்ன்ஃப்ளோரும் சேர்த்துக் கட்டியில்லாமல் அடித்தேன். அப்புறம் தயிர். முட்டையைக் கடைசியாக, ஒவ்வொன்றாக, கை விஸ்க்கால் மஞ்சள் கோடு மறையும் வரை மட்டும் கலந்தேன். முட்டை சேர்ந்த பிறகு வேகமாக அடித்தால் காற்றுக் குமிழி புகுந்துகொள்ளும். அது சூட்டில் விரிந்து கேக்கைத் தூக்கிவிட்டு, ஆறும்போது கீழே விடும். டின்னையும் மேடையில் நாலைந்து முறை தட்டினேன். இந்த முறை உப்புவது பாதியாகக் குறைந்தது, விரிசலும் ஆழமில்லை. ஆனால் ஓரம் பழையபடி ரப்பர்.

மூன்றாவது வாரம் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வைத்தேன். என் ஓடிஜியில் 150க்குத் திருப்பினால் உள்ளே 165 இருக்கிறது. குமிழைக் குறைத்து உண்மையான 150க்குக் கொண்டுவந்து, டின்னை ஃபாயிலில் சுற்றி வெந்நீர் ஊற்றிய தட்டில் வைத்தேன். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் ஓரம் நிதானமாக வேகும். வெட்டிப் பார்த்தபோது ஓரமும் நடுவும் கிட்டத்தட்ட ஒரே பதம். ஆனால் ஃபாயிலில் எங்கேயோ ஓட்டை, பிஸ்கட் அடி ஊறிப்போயிருந்தது. நடுவில் முடி மாதிரி ஒரு கீறலும் இருந்தது. கத்தியை விட்டால் ஒட்டாமல் வர வேண்டும் என்று ஸ்பாஞ்ச் கேக் கணக்கில் காத்திருந்ததுதான் தவறு. சாப்பாட்டுத் தெர்மாமீட்டரை நடுவில் குத்தியபோது 78 காட்டியது.

சீஸ்கேக்கின் நடு 65 டிகிரி வந்தாலே முட்டை பிடித்துவிடும். 70ஐத் தாண்டினால் வலை இறுகத் தொடங்கும். அடுப்பை அணைத்த பிறகும் ஓரத்துச் சூடு நடுவுக்குப் போய்க்கொண்டே இருக்கும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

நான்காவது வாரம் ஃபாயிலை விட்டுவிட்டு, 7 அங்குல டின்னை 8 அங்குல கேக் டின்னுக்குள் இறக்கி, அந்த ஜோடியை வெந்நீர்த் தட்டில் வைத்தேன். தண்ணீர் வெளி டின்னைத்தான் தொடும், அடி ஊறவே இல்லை. டின்னின் உள்பக்கம் வெண்ணெய் தடவியிருந்தேன், ஓரம் ஒட்டாமல் இருக்க. இடையில் காற்று இருப்பதால் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. 55ஆவது நிமிடத்தில் டின்னை லேசாக ஆட்டினேன். மேற்பரப்பு முழுவதும் தண்ணீர் மாதிரி அலையடித்தது, இன்னும் ஆகவில்லை. 70ஆவது நிமிடத்தில் ஆட்டியபோது ஓரத்தில் இரண்டு அங்குலம் அசையாமல் நின்றது, நடுவில் ஒரு வட்டம் மட்டும் கெட்டித் தயிர் போல ஒரே திரளாக ஆடியது. மேலே பளபளப்புப் போய் மங்கியிருந்தது. தெர்மாமீட்டர் 64. ஒரே ஒரு முறைதான் குத்தினேன், நட்டநடுவில் குத்தாமல் சற்றுத் தள்ளி. குத்திய துளையிலிருந்தே விரிசல் கிளம்பக்கூடும்.

அணைத்துவிட்டு, கதவில் மரக்கரண்டியைச் செருகிச் சிறு இடைவெளி விட்டு ஒரு மணி நேரம் அப்படியே வைத்தேன். எடுத்ததும் முதல் வேலையாக மெல்லிய கத்தியை டின்னின் ஓரமாகச் சுற்றிவிட்டேன். வெண்ணெய் தடவியிருந்தும் இரண்டு இடத்தில் ஒட்டித்தான் இருந்தது, கத்தி போனதும் 'சட்'டென்று விட்டுக்கொடுத்தது. வெளியில் முழுதாக ஆறிய பிறகு ஃப்ரிட்ஜில் ஓர் இரவு. சூடாக இருக்கும்போது நடுப்பகுதி வேகாத மாதிரித்தான் தோன்றும். குளிர்ந்தால்தான் கிரீம் சீஸின் கொழுப்பு இறுகி, உண்மையான பதம் தெரியும்.

திங்கட்கிழமை காலை டின்னைத் திறந்தேன். மேலே ஒரு கோடுகூட இல்லை, குத்திய புள்ளி மட்டும். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து வெட்டினேன். ஓரத்துண்டிலும் துளை இல்லை, கரண்டி தானாக இறங்கியது. தட்டில் மறுநாளும் தண்ணீர் நிற்கவில்லை.

இனி ஒரு சந்தேகம் பாக்கி. கார்ன்ஃப்ளோரின் மாவுச்சத்து புரதங்களுக்கு இடையில் புகுந்து வலை இறுகாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் சூடு சற்றுத் தப்பினாலும் கேக் பொறுத்துக்கொள்ளும். ஆனால் நாக்கில் ஒரு மெல்லிய மாவு வாடை வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வரும் ஞாயிறு அதை விட்டுவிட்டு, அதே 64இல் அணைத்துப் பார்க்கப்போகிறேன்.