வாகனத்துக்கு மேலே என்ன, கீழே என்ன: தெசாரஸ் தாளில் நான் கற்றது

நூலக அறிவியல் முதுகலை, இரண்டாம் பருவம், உள்தேர்வு. கேள்வி ஒரே வரிதான்: ‘வாகனம்’ என்ற சொல்லுக்குப் பரந்த சொற்கள், குறுகிய சொற்கள், தொடர்புடைய சொற்கள் தந்து ஒரு சிறு தெசாரஸ் அமைக்கவும். பத்து மதிப்பெண். சுலபம் என்று நினைத்து இருபது நிமிடத்தில் முப்பது சொற்கள் எழுதினேன். மேலே ‘போக்குவரத்து’. கீழே கார், அதற்கும் கீழே ஆம்புலன்ஸ், பிறகு பஸ், சக்கரம், டிரைவர், பெட்ரோல், விமானம் என்று வரிசையாக. கிடைத்தது மூன்று மதிப்பெண். தாளைத் திருப்பித் தந்தபோது பேராசிரியர் ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: “எல்லா? சில?”

அந்த இரண்டு சொற்களில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. இந்தத் தாளுக்குப் படிப்பவர்களுக்கு அதை விரிவாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

ஒரு சொல் இன்னொன்றுக்குக் குறுகிய சொல்தானா என்று பார்க்க, இரண்டு வாக்கியம் போட்டுப் பார்க்க வேண்டும். “எல்லாக் கார்களும் வாகனங்கள்.” சரி. “சில வாகனங்கள் கார்கள்.” இதுவும் சரி. மேலே போகும்போது ‘எல்லா’, கீழே வரும்போது ‘சில’. இரண்டும் பொருந்தினால் கார், வாகனத்தின் குறுகிய சொல். இப்போது என் பட்டியலில் இருந்த சக்கரத்தை எடுங்கள். “எல்லாச் சக்கரங்களும் வாகனங்கள்” என்று வாயில் வருமா? வராது. சக்கரம் வாகனத்தின் உறுப்பு, வாகனத்தின் வகை அல்ல.

உறுப்பையும் குறுகிய சொல்லாகப் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். தெசாரஸ் தரநிலைகள் அதற்கு இடம் கொடுக்கின்றன, ஆனால் குறுகிய இடம்தான்: உடலுறுப்புகள், ஊர்-மாவட்டம்-மாநிலம் போன்ற இடங்கள், படிப்புத் துறைகள், படிநிலை உள்ள அமைப்புகள். அந்த இடங்களில் உறுப்பு எப்போதும் ஒரே முழுமைக்குத்தான் சொந்தம். சக்கரம் அப்படி இல்லை. குயவரிடமும் சக்கரம் உண்டு, கிணற்று ராட்டினத்திலும் உண்டு. ஆகவே அது ‘தொடர்புடைய சொல்’ பகுதிக்குப் போகும். ஓட்டுநரும் பெட்ரோலும் அங்கேதான்.

மேலே இருக்கும் சொல்தான் அதிகம் பேர் தவறும் இடம். நான் எழுதிய ‘போக்குவரத்து’ சரியாகத்தான் பட்டது. சோதனையைப் போடுங்கள்: “எல்லா வாகனங்களும் போக்குவரத்து.” வாக்கியமே நிற்கவில்லை. காரணம், வாகனம் ஒரு பொருள், போக்குவரத்து ஒரு செயல். பரந்த சொல்லும் குறுகிய சொல்லும் ஒரே அடிப்படை வகையைச் சேர்ந்திருக்க வேண்டும். பொருளுக்கு மேலே பொருள், செயலுக்கு மேலே செயல். ரங்கநாதனின் கோலன் பகுப்பில் ஐந்து அடிப்படை வகைகளைப் படித்திருப்பீர்கள். செயல் அங்கே ஆற்றல் என்ற தனி வகையில் போகும். அதை நினைவில் வைத்தால் இந்தத் தவறு வராது.

அப்படியானால் வாகனத்துக்கு மேலே என்ன? ‘போக்குவரத்துச் சாதனம்’. எல்லா வாகனங்களும் ஆளையோ சரக்கையோ ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும் சாதனங்கள். ஆனால் சில சாதனங்கள்தான் வாகனங்கள். பழனியில் மலைக்குப் போகும் ரோப் கார், கடையில் இருக்கும் எஸ்கலேட்டர், கட்டடத்து லிப்ட் எல்லாம் ஆளைக் கொண்டுபோகின்றன, ஆனால் அவற்றை வாகனம் என்று நாம் சொல்வதில்லை. மேலே உள்ள சொல்லில் வாகனம் அல்லாத ஏதாவது மிஞ்ச வேண்டும். எதுவும் மிஞ்சவில்லை என்றால் நீங்கள் எழுதியது பரந்த சொல் இல்லை, ஒத்த சொல். ‘ஊர்தி’ அப்படித்தான்.

அடுத்தது பிரிப்பது. ஒரு படியில் ஒரே ஒரு பண்பை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எங்கே செல்கிறது என்று பிரித்தால் தரை வாகனம், நீர்க்கலம், வானூர்தி, விண்கலம். இதே வரிசையில் ‘ராணுவ வாகனம்’ என்று சேர்த்தால் குழப்பம் வந்துவிடும், ஏனென்றால் அது பயன்பாட்டை வைத்துப் பிரித்தது. போர்க்கப்பலை எங்கே வைப்பீர்கள்? நீரிலா, ராணுவத்திலா? இரண்டு இடத்திலும் பொருந்துகிறது என்றால் வரிசையில் இரண்டு பண்புகள் கலந்துவிட்டன என்று அர்த்தம்.

என் தாளில் ஆம்புலன்ஸ் காருக்குக் கீழே இருந்தது. சோதனை: எல்லா ஆம்புலன்ஸ்களும் கார்களா? நம் ஊரில் பெரும்பாலும் வேன். சென்னையில் 108 சேவையில் பைக் ஆம்புலன்ஸும் ஓடுகிறது. எனவே ஆம்புலன்ஸ் ‘அவசர வாகனம்’ என்ற பயன்பாட்டுக் கிளையில் போக வேண்டும்.

படிகளைத் தாண்டவும் கூடாது. வாகனத்திலிருந்து நேராகக் காருக்குக் குதித்தால் நடுவில் இருக்கும் சொற்கள் காணாமல் போகும். திருத்தி எழுதியது இப்படி வந்தது. SN என்பது வரையறைக் குறிப்பு, UF பயன்படுத்தாமல் விட்ட ஒத்த சொல், BT பரந்தது, NT குறுகியது, RT தொடர்புடையது:

```
வாகனம்
  SN ஆள் அல்லது சரக்கோடு தானும் நகரும்
     சாதனம். தெய்வ வாகனங்கள் சேராது.
  UF ஊர்தி
  BT போக்குவரத்துச் சாதனம்
  NT தரை வாகனம்
  NT நீர்க்கலம்
  NT வானூர்தி
  NT விண்கலம்
  RT ஓட்டுநர்
  RT சக்கரம்
  RT போக்குவரத்து

தரை வாகனம்
  BT வாகனம்
  NT சாலை வாகனம்
  NT தண்டவாள வாகனம்

சாலை வாகனம்
  BT தரை வாகனம்
  NT மாட்டு வண்டி
  NT மிதிவண்டி
  NT மோட்டார் வாகனம்

மோட்டார் வாகனம்
  BT சாலை வாகனம்
  NT ஆட்டோ
  NT கார்
  NT பேருந்து
  NT மோட்டார் சைக்கிள்
  NT லாரி
```

வரையறைக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். தமிழில் பிள்ளையாரின் மூஞ்சூறும் முருகனின் மயிலும் வாகனம்தான். சட்டத்திலோ இந்தச் சொல்லின் எல்லை வேறு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறைப்படி ‘வாகனம்’ என்பது இயந்திரத்தால் ஓடி சாலையில் செல்வது. தண்டவாளத்தில் ஓடுவது அதில் சேராது, மிதிவண்டியும் சேராது, ஆனால் டிரெய்லர் சேரும். சட்ட நூலகத்துக்கான தெசாரஸ் என்றால் மேலே உள்ள மரமே மாறிவிடும். எந்தப் பொருளில் எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் திருத்துபவர் உங்களோடு வாதம் செய்ய மாட்டார்.

வீட்டில் பயிற்சி செய்ய எனக்கு உதவியது வேர்ட்நெட். ஆங்கிலச் சொற்களுக்கான தரவுத்தளம். பைத்தானில் NLTK நிறுவி, `nltk.download('wordnet')` என்று ஒருமுறை அதை இறக்கிக்கொண்டால் நான்கு வரியில் பார்க்கலாம்:

```
from nltk.corpus import wordnet as wn
v = wn.synset('vehicle.n.01')
print(v.hypernyms())
print(v.hyponyms())
```

முதல் வரியில் `conveyance.n.03` வரும். நாம் எழுதிய போக்குவரத்துச் சாதனம்தான் அது. கீழ்வரிசையில் கார் நேரடியாக வராது. சக்கர வாகனம், தானியங்கு வாகனம், மோட்டார் வாகனம் என்று இறங்கித்தான் காருக்குப் போக வேண்டும். இன்னொன்றையும் கவனித்தேன். அங்கே சக்கர வாகனத்துக்கு இரண்டு மேற்சொற்கள்: வாகனம் ஒன்று, கொள்கலன் இன்னொன்று. ஒரு சொல்லுக்கு இரண்டு பரந்த சொற்கள் இருக்கலாம், தரநிலைகளும் அதை ஏற்கின்றன. ஆனால் இரண்டுக்கும் தனித்தனியாக ‘எல்லா’ சோதனை தேற வேண்டும். சைக்கிள் ஒரு கொள்கலனா? எனக்குச் சம்மதமில்லை. ஆம்புலன்ஸையும் வேர்ட்நெட் காருக்குக் கீழேதான் வைக்கிறது. அதனால் அதைச் சொற்களைத் திரட்டும் இடமாக வைத்துக்கொண்டு, சோதனையை நீங்களே போடுங்கள்.

தேர்வில் நேரத்தை நான் இப்போது இப்படிப் பிரிக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் சொற்களை ஓரத்தில் கொட்டுவது. அடுத்த ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் எல்லா-சில போட்டு, தேறாததைத் தொடர்புடைய சொற்களில் தள்ளுவது. அப்புறம் மரமாக எழுதுவது. கடைசி இரண்டு நிமிடம் திரும்பும் வரிகளுக்கு: வாகனத்தின் கீழ் தரை வாகனம் என்று எழுதினால், தரை வாகனத்தின் கீழ் ‘BT வாகனம்’ கட்டாயம் இருக்க வேண்டும். தொடர்புடைய சொற்களுக்கும் அதே விதி, சக்கரத்துக்கு ஒரு பதிவு போட்டால் அதில் ‘RT வாகனம்’ வர வேண்டும். அடுத்த முறை தாளில் எனக்குக் குறைந்த ஒரு மதிப்பெண் இப்படி ஒரு திரும்பும் வரி விட்டுப்போனதால்தான்.