பழைய ஜாவா 250: பிஸ்டன் கிடைத்த பிறகுதான் சிலிண்டர் போர்

வண்டி ஜாவா 250, டைப் 353. ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், இரண்டு சைலன்சர். வாங்கும்போது இன்ஜின் பிடித்துப்போயிருந்தது. கிக்கரை மிதித்தால் அசையவே இல்லை. அது தெரிந்தேதான் வாங்கினேன். ஓடாத இன்ஜினைச் சரிசெய்துவிடலாம். காணாமல்போன மூடி, விளக்கு வளையம், ஸ்பீடோமீட்டர் போன்றவற்றைத் தேடி எடுப்பதுதான் பெரும்பாடு. இந்த வண்டியில் பாகங்கள் ஏறக்குறைய முழுதாக இருந்தன. சேஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போயின. எனக்கு அது போதும்.

பிளக்கைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயை உள்ளே விட்டு ஐந்து நாள் ஊறவைத்தேன். கிக்கரில் ஏறி மிதிக்கக் கூடாது, பல்சக்கரம் உடையும். ஆறாம் நாள் சிலிண்டரைச் சூடுபடுத்தி, மேலிருந்து மரக்கட்டையை வைத்துத் தட்டியதும் பிஸ்டன் நகர்ந்தது. சிலிண்டரை உருவிப் பார்த்தபோது சுவரில் துரு அரித்த குழிகள்.

இங்கேதான் ஒரு தவறு செய்தேன். இதன் மூல அளவு 65 மி.மீ. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 75 மி.மீ. ஸ்ட்ரோக். பழைய பிஸ்டன் தலையில் 65.50 என்று பொறித்திருந்தது, அதாவது முன்பே ஒருமுறை சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி போர் செய்திருக்கிறார்கள். அடுத்த அளவு 65.75 என்று நானாக முடிவுசெய்து, கண்ணில் பட்ட முதல் பிஸ்டனை வாங்கிவிட்டேன். பிறகுதான் லேத் கடைக்குப் போனேன். அங்கே மேல், நடு, கீழ் என மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக ஆறு அளவு எடுத்தார்கள். அதிகபட்சத் தேய்மானம் எக்ஸாஸ்ட் துளைக்கு மேலே, 65.71. 65.75க்கு மீதி 0.04 மி.மீ. தான். அதற்குள் குழிகள் மறையாது. கடைக்காரர் ஒரே வரியில் முடித்தார்: “66 பிஸ்டனைக் கையில கொண்டு வாங்க தம்பி, அப்புறம்தான் போர்.”

பிஸ்டனைக் கையில் கேட்டதற்குக் காரணம் உண்டு. பெட்டியில் 66 என்று எழுதியிருந்தாலும் ஒவ்வொரு தயாரிப்பாளரின் பிஸ்டனும் உண்மையில் கொஞ்சம் மாறும். அதை அளந்து, விரிவடைய இடைவெளி சேர்த்துத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும்.

66 தேடியே நான்கு மாதம் போனது. முதலில் வந்த ஒன்றில் பிஸ்டன் பின்னை மாட்டும் துளையின் உயரம் வேறு. பழைய பிஸ்டனோடு பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் தெரிந்தது. அப்படியே போட்டிருந்தால் சிலிண்டர் சுவரின் துளைகள் திறக்கும் நேரமே மாறியிருக்கும். இன்னொன்றில் ரிங்கைத் திரும்பாமல் பிடிக்கும் சிறு ஆணி, சிலிண்டர் துளைக்கு நேராக வந்தது. ரிங்கின் நுனி துளைக்குள் பிதுங்கி உடையும் என்பதால் அதையும் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது, யாரோ பல வருடம் பிரிக்காமல் வைத்திருந்த பழைய சரக்கு. அடிப்பாகத்தில் 65.93 காட்டியது. 0.07 இடைவெளி விட்டு, 66.00க்குக் கடைந்தோம். ரிங்கின் வாய் இடைவெளி 0.25 மி.மீ. வந்தது.

கடைந்து முடித்ததும் துளைகளின் விளிம்பு கத்திபோல் இருக்கும். நுண்கல்லால் அதை மழுக்கிவிட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், ரிங் அதில் மாட்டுகிறது. பிறகு சோப்பும் வெந்நீரும் போட்டு, வெள்ளைத் துணியில் கறை படியாத வரை கழுவினேன். பெட்ரோலில் கழுவினால் கல்தூள் சுவரிலேயே தங்கிவிடும். காய்ந்ததும் உடனே எண்ணெய் பூசினேன்.

கிராங்க் ஆயில் சீலுக்கு மட்டும் அலைச்சல் இல்லை. வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்காமல், உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்துபோனால் பேரிங் கடையிலேயே கிடைக்கும். பெட்ரோலையும் சூட்டையும் தாங்கும் விட்டான் ரப்பராகப் பார்த்து எடுத்தேன். காய்ந்த சீல் வழியே காற்று நுழைந்தால் கலவை மெலிந்து, புது பிஸ்டனும் பிடித்துவிடும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் நின்றால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வண்டியின் விலையை 100 என்று வைத்தால், இன்ஜின் வேலைக்கு இதுவரை 70, அதில் வீணான பிஸ்டன் 8. குரோம் பூச்சுக்குத் தனியாக 60. துருவைத் தேய்த்து மெருகேற்றும் கைவேலைதான் அதில் பெரும்பங்கு. பெயின்ட் இன்னும் தொடங்கவில்லை.

25 லிட்டருக்கு 1 லிட்டர் எண்ணெய்க் கலவையில் இதுவரை 280 கி.மீ. ஓட்டியிருக்கிறேன், பாதி ஆக்சிலரேட்டருக்கு மேல் திருகாமல். பிளக் நுனி காபிப்பொடி நிறத்தில் இருக்கிறது. 500 தாண்டியதும் சிலிண்டர் தலையைத் திறந்து சுவரைப் பார்க்கப் போகிறேன்.