ஆயத்தப் பதிலில் அடங்காத முறைப்பாடுகள்

கொழும்பில் இணையவழி விற்பனை நிறுவனமொன்றில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஊழியர்கள் எடுத்து அனுப்புவதற்கென முன்கூட்டியே ஆயத்தப் பதில்களை எழுதத் தொடங்கியபோது முறைப்பாடுகளைத் தலைப்புவாரியாகப் பிரித்தேன்: பொதி வரவில்லை, பணம் திரும்பவில்லை, பொருள் பழுது. தலைப்புக்கு ஒரு பதில். அங்கேதான் தவறினேன்.

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி ஒன்றிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய சட்டை வந்து சேரவில்லை. எங்கள் பிரிவுத் தம்பி ஒருவர் நான் எழுதியதை அப்படியே அனுப்பினார்: "எமது பதிவுகளின்படி உங்கள் பொதி ஒப்படைக்கப்பட்டுள்ளது." மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது: "அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா, தம்பி?"

விநியோகப் பதிவைத் திறந்தேன். கையொப்பம் இருந்தது, ஆனால் அது அவருடைய பெயரில் இல்லை. பொதியைக் கொண்டுபோனவரை அழைத்துக் கேட்டோம். கீழ்த்தளக் காவலாளியிடம் கொடுத்தாராம். 4 நாட்களாக அது காவலாளியின் மேசைக்கடியில் கிடந்திருக்கிறது. பிறந்தநாள் முடிந்துவிட்டது.

அதன்பின் பழைய முறைப்பாடுகளில் 200 எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: நடந்தது என்ன என்பதில் வாடிக்கையாளரும் நாங்களும் ஒத்துப்போகிறோமா? ஒத்துப்போனால் ஆயத்தப் பதில் போதும். அவர் சொல்வதும் எங்கள் பதிவும் முரண்பட்டால், ஒருவர் விசாரித்துவிட்டுத் தன் கையாலேயே எழுத வேண்டும்.

பணம் திரும்புவது முதல் வகை. கொடுக்க வேண்டும் என்பதில் சண்டையில்லை, எப்போது என்பதுதான் கேள்வி. கடனட்டைக்கு நாங்கள் திருப்பிய பணம் கணக்கில் தெரிய வங்கிக்குச் சில நாட்கள் பிடிக்கும். ஆகவே அந்தப் பதிலில் தொகை, அனுப்பிய திகதி, வங்கியிடம் காட்ட வேண்டிய பரிமாற்ற இலக்கம் ஆகிய மூன்றுக்கும் வெற்றிடம் விட்டேன். மூன்றையும் நிரப்பாமல் அனுப்ப முடியாது.

அதிலும் ஒரு குறை தெரிந்தது. ஊழியர்கள் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தார்கள். பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுத்தவர்களுக்குத் திருப்பி அனுப்ப அட்டையே இல்லை, அவர்களிடம் வங்கிக் கணக்கு இலக்கம் கேட்க வேண்டும். அதைத் தனிப் பதிலாகப் பிரித்தேன். ஒரு பதிலை ஊழியர்கள் எந்த இடத்தில் திருத்துகிறார்கள் என்று இப்போது கிழமைதோறும் பார்க்கிறேன். அந்த இடத்தில்தான் இரண்டு வேறு விடயங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும்.

தமிழ், சிங்களப் பதில்களை ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பதையும் நிறுத்தினேன். "ஒப்படைக்கப்பட்டுள்ளது" என்ற அந்த வாக்கியம் அப்படிப் பிறந்ததுதான். அந்தந்த மொழியில் வீட்டில் பேசுகிறவர்களே இப்போது எழுதுகிறார்கள்.

ஆயத்தப் பதில் போனபின் அதே விடயமாக வாடிக்கையாளர் மீண்டும் எழுதினால், அந்தக் கடிதம் நேரே ஒருவர் மேசைக்குப் போகும். அதற்கு எந்த ஆயத்தப் பதிலும் திறக்காது.